பசுமைப்பூச்சு விளம்பரங்களும் அவற்றைச் சோதிக்கும் முறையும்: வோக்ஸ்வேகன் ‘தூய டீசல்’ ஓர் ஆய்வு

பசுமைப்பூச்சு (கிரீன்வாஷிங்) என்பது ஒரு நிறுவனம் தன் பொருளோ செயல்பாடோ உண்மையில் இருப்பதைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நுகர்வோரை நம்ப வைக்கும் விளம்பர முறையாகும். முழுப் பொய்யைச் சொல்வது இதில் ஒரு வகை மட்டுமே. உண்மையில் ஒரு பகுதியை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது, அளக்க முடியாத பொதுச் சொற்களைப் பயன்படுத்துவது, சட்டப்படி எல்லோரும் செய்தாக வேண்டியதைத் தன் தனிச் சிறப்பாகக் காட்டுவது ஆகியவையும் இதில் அடங்கும்.

இச்சொல்லை 1986இல் அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட் உருவாக்கினார். சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டுகளை மீண்டும் பயன்படுத்துங்கள் என்று விருந்தினரைக் கேட்டுக்கொண்ட விடுதிகள், மற்ற வகைகளில் வீணாக்குவதைக் குறைக்க அக்கறை காட்டவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ‘தூய டீசல்’ விளம்பரம் பசுமைப்பூச்சுக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு. விளம்பரத்தில் சொல்லப்பட்டது, ஆய்வகத்தில் அளக்கப்பட்டது, சாலையில் அளக்கப்பட்டது ஆகிய மூன்றும் பதிவாகியிருப்பதால், ஒரு சுற்றுச்சூழல் கூற்றை எப்படிச் சோதிப்பது என்று கற்க இது மிகவும் பயன்படுகிறது.

விளம்பரம் சொன்னது என்ன?

2008ஆம் ஆண்டின் இறுதி முதல் 2015 வரை வோக்ஸ்வேகனும் அதன் குழுமத்தைச் சேர்ந்த ஆடியும் டீசல் கார்களை அமெரிக்காவில் ‘தூய டீசல்’ என்ற பெயரில் விற்றன. அங்கு டீசல் என்றாலே கரும்புகை, நாற்றம், இரைச்சல் என்ற எண்ணம் இருந்தது. அதை மாற்றுவதே விளம்பரத்தின் நோக்கம். நல்ல மைலேஜ், நல்ல இழுவைத் திறன், குறைந்த மாசு ஆகிய மூன்றும் ஒரே காரில் கிடைக்கும் என்று விளம்பரங்கள் கூறின. நைட்ரசன் ஆக்சைடு உமிழ்வு 90 விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது என்ற கூற்றும் விளம்பரப் பொருள்களில் இடம்பெற்றது. வோக்ஸ்வேகன் ஜெட்டா டீசல் காரும் ஆடி ஏ3 டீசல் காரும் அமெரிக்க வாகன இதழ் ஒன்றின் ‘ஆண்டின் பசுமைக் கார்’ விருதையும் முறையே 2009, 2010ஆம் ஆண்டுகளுக்குப் பெற்றன.

2015இல் வெளிவந்த ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் வயதான பெண்கள் மூவர் டீசல் கார் அழுக்கானதா என்று வாதிடுகின்றனர். அவர்களுள் ஒருவர் தன் வெள்ளைத் துணியைக் காரின் புகைக்குழாயில் வைத்து எடுத்துக் காட்டுகிறார். துணி வெள்ளையாகவே இருக்கிறது. பார்ப்பவர் இதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்வார். அந்தச் சோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதில்தான் விளம்பரத்தின் சிக்கல் தொடங்குகிறது.

‘தூய’ என்பது எந்த மாசைக் குறிக்கிறது?

டீசல் எஞ்சினிலிருந்து மூன்று பொருள்கள் கவனிக்கத்தக்க அளவில் வெளிவருகின்றன. முதலாவது கார்பன் டை ஆக்சைடு. இது புவி வெப்பமடைதலுக்குக் காரணமாகிறது. இரண்டாவது புகைக்கரி. இது கண்ணுக்குத் தெரியும், துணியிலும் படியும். மூன்றாவது நைட்ரசன் ஆக்சைடுகள். இவை புகைக்குழாயிலிருந்து வரும் அளவில் கண்ணுக்குத் தெரியாத வளிமங்கள். வெயிலில் மற்ற வளிமங்களுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இவை கூடுதல் தீங்கு செய்கின்றன.

டீசல் காரில் புகைக்கரியை ஒரு வடிகட்டி பிடித்துவிடும். அந்த வடிகட்டி சரியாக வேலை செய்தால் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும். ஆனால் நைட்ரசன் ஆக்சைடு எவ்வளவு வந்தாலும் துணியில் கறை படியாது. ஆகவே விளம்பரத்தில் காட்டிய சோதனை டீசலின் ஒரு மாசைப் பற்றி மட்டுமே பேசியது. கடினமான மாசு அதில் பங்கேற்கவே இல்லை.

கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் டீசலுக்கு உண்மையாகவே ஒரு நன்மை உண்டு. எனினும் மைலேஜ் காட்டும் அளவுக்கு அது பெரிதல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வரும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் ஒரு பெட்ரோல் காரையும் 20 கி.மீ. ஓடும் ஒரு டீசல் காரையும் எடுத்துக்கொள்வோம். மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 153 கிராமும் டீசல் கார் சுமார் 135 கிராமும் வெளியிடும். குறைவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மட்டுமே. ‘மைலேஜ் அதிகம், எனவே தூய்மை’ என்று விளம்பரம் உணர்த்தும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது முதல் சோதனை.

மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது ஏன் கடினம்?

டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாகவும் எரிபொருள் குறைவாகவும் இருக்கும். உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் எரிதல் நடக்கும். மைலேஜ் கூடுவதற்கு இவையே காரணம். அதே வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரசனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரசன் ஆக்சைடுகளாகின்றன. பெட்ரோல் கார்களில் உள்ள மும்முனை வினையூக்கி மாற்றி, புகையில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும்போது நைட்ரசன் ஆக்சைடுகளைச் சிதைக்காது. எனவே டீசலுக்கு வேறு ஏற்பாடு தேவைப்படுகிறது.

வோக்ஸ்வேகன் தன் இரண்டு லிட்டர் எஞ்சின்களில் இரண்டு வழிகளைப் பயன்படுத்தியது. முதல் வழி நைட்ரசன் ஆக்சைடுகளைப் பிடித்து வைக்கும் பொறி. அது நிரம்பியதும் கூடுதல் எரிபொருளைச் செலுத்தி அதைச் சுத்தப்படுத்த வேண்டும். இதனால் மைலேஜ் குறையும், புகைக்கரி வடிகட்டியும் விரைவில் தேயும். இரண்டாம் வழி யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, வினையூக்கியின் உதவியால் நைட்ரசன் ஆக்சைடுகளை நைட்ரசனாகவும் நீராகவும் மாற்றுவது. இதற்குத் தனித் தொட்டி வேண்டும். கரைசலை எவ்வளவு தாராளமாகத் தெளிக்கிறோமோ அவ்வளவு விரைவில் தொட்டி காலியாகும்.

ஆக இரண்டு வழிகளிலும் தூய்மைக்கு ஒரு விலை உண்டு. ஒரு விளம்பரம் நன்மைகளை மட்டும் அடுக்கி, அவற்றுக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லாவிட்டால், அந்த இடத்தையே சோதிப்பவர் முதலில் பார்க்க வேண்டும்.

சாலையில் நடந்த சோதனை

கார்களுக்குச் சான்றிதழ் தரும் சோதனை ஆய்வகத்தில் நடக்கிறது. கார் நகராது. சக்கரங்கள் உருளைகளின் மீது சுழலும். எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி காரை இயக்கி, வெளிவரும் புகையைச் சேகரித்து அளப்பார்கள். எல்லாக் கார்களையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட இந்த முறை நல்லது. ஆனால் அந்த அட்டவணை எல்லோருக்கும் தெரிந்தது.

ஐரோப்பாவில் டீசல் கார்கள் ஆய்வகத்தில் காட்டிய அளவைவிடச் சாலையில் அதிக நைட்ரசன் ஆக்சைடை வெளியிடுவது ஏற்கெனவே கவனிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க விதிகள் கடுமையானவை என்பதால் அங்கு விற்கப்படும் டீசல் கார்கள் சாலையிலும் நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புடன், தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனையை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. டேனியல் கார்டர், அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் இதில் ஈடுபட்டனர். நிறுவனத்தின் மோசடியைப் பிடிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை.

2013இல் அவர்கள் மூன்று டீசல் கார்களைச் சோதித்தனர். ஒன்று பொறி முறையைக் கொண்ட வோக்ஸ்வேகன் ஜெட்டா. இரண்டாவது யூரியா முறையைக் கொண்ட வோக்ஸ்வேகன் பஸ்ஸாட். மூன்றாவது யூரியா முறையைக் கொண்ட பிஎம்டபிள்யூ எக்ஸ்5. எடுத்துச்செல்லக்கூடிய உமிழ்வு அளவுமானியைக் காரின் பின்பகுதியில் ஏற்றி, புகைக்குழாயுடன் இணைத்து, கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை, நகரச் சாலை, மலைச்சாலை ஆகியவற்றில் ஓட்டினர். பஸ்ஸாட் காரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிச் சென்று திரும்பினர்.

அமெரிக்க விதிப்படி இந்தக் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.043 கிராம் நைட்ரசன் ஆக்சைடு மட்டுமே வெளியிடலாம். சாலையில் ஜெட்டா இந்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு வெளியிட்டது. பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு வெளியிட்டது. பிஎம்டபிள்யூ கார் மேட்டுப்பாங்கான மலைச்சாலையைத் தவிரப் பெரும்பாலும் எல்லைக்குள் இருந்தது.

மடங்குக் கணக்கின் பொருளை ஓர் எளிய பெருக்கலால் அறியலாம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் கார் விதிப்படி சுமார் 645 கிராம் நைட்ரசன் ஆக்சைடு வெளியிடலாம். 15 மடங்கு என்றால் அது 9.7 கிலோவாகும்.

மாற்று விளக்கங்களை நீக்குதல்

ஒரு கார் எல்லையை மீறியது என்பதால் மட்டும் விளம்பரம் பொய் என்று முடிவு கட்ட முடியாது. வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கியதில்தான் இந்த ஆய்வின் வலிமை இருக்கிறது.

கருவி பிழையாக அளந்திருக்கலாம். ஆனால் அதே முறையில் அளந்த பிஎம்டபிள்யூ காரில் அளவு குறைவாகவே வந்தது. சாலையில் டீசலை இதற்குமேல் தூய்மையாக்க இயலாது என்று சொல்லலாம். அதற்கும் பிஎம்டபிள்யூ காரே பதில். கார்கள் பழுதடைந்திருக்கலாம். ஆனால் ஜெட்டாவும் பஸ்ஸாட்டும் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் ஆய்வகத்தில் உருளைகள் மீது சோதிக்கப்பட்டபோது எல்லைக்குள் தேறின. பழுதான கார் ஆய்வகத்தில் மட்டும் நலமடையாது. எஞ்சியது ஒரு கேள்விதான்: ஆய்வகத்தில் வேலை செய்யும் மாசுக் கட்டுப்பாடு சாலையில் ஏன் வேலை செய்யவில்லை?

இந்த ஆய்வு 2014 மே மாதம் வெளியானது. கலிபோர்னியா வாரியமும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டன. நிறுவனம் தொழில்நுட்பக் காரணங்களைக் கூறி, 2014 டிசம்பரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. திருத்திய பிறகும் வாரியம் சோதித்தபோது சாலை அளவு போதிய அளவு குறையவில்லை. 2016ஆம் ஆண்டு மாதிரிகளுக்குச் சான்றிதழ் தர அதிகாரிகள் மறுக்கும் நிலை வந்தபோது, 2015 செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 18 அன்று முகமை விதிமீறல் அறிவிப்பை வெளியிட்டது.

காரின் கட்டுப்பாட்டு மென்பொருள், ஸ்டீயரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் இயங்கிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு சோதனை நடக்கிறதா என்பதை அறிந்துகொண்டது. சோதனையின்போது மாசுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. சாலையில் அதைக் குறைத்தது. இதனால் எல்லையைவிட 40 மடங்கு வரை நைட்ரசன் ஆக்சைடு வெளிவந்தது என்று முகமை கூறியது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் இந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனம் தெரிவித்தது. முன்பு அளிக்கப்பட்ட பசுமைக் கார் விருதுகள் திரும்பப் பெறப்பட்டன.

2016 மார்ச் மாதம் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ‘தூய டீசல்’ விளம்பரங்கள் நுகர்வோரை ஏமாற்றின என்று வழக்குத் தொடர்ந்தது. புகையைப் பற்றிய வழக்குடன் சேர்ந்து விளம்பரமும் தனிக் குற்றமாகப் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் 1,470 கோடி டாலர் வரையிலான சமரசம் அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கார்களைத் திரும்ப வாங்கவும் உரிமையாளர்களுக்கு இழப்பீடு தரவும் ஒதுக்கப்பட்டது.

மாணவர் ஆய்வில் பின்பற்றத்தக்க படிகள்

மேற்கண்ட நிகழ்விலிருந்து, எந்த நிறுவனத்தின் கூற்றுக்கும் பொருந்தும் ஐந்து கேள்விகளைப் பெறலாம். ஆய்வைத் தொடங்குமுன் விளம்பரத்தின் சொற்களை அப்படியே, தேதியுடன் எழுதிவைக்க வேண்டும். நிறுவனங்கள் விளம்பரத்தைப் பின்னர் மாற்றிவிடக்கூடும்.

1. எந்தப் பொருளைப் பற்றிய கூற்று? ‘தூய’, ‘பசுமை’ போன்ற சொல்லுக்குப் பதிலாக அளக்கத்தக்க ஒரு பெயரை வைத்துப் பார்க்க வேண்டும். தூய டீசல் என்பதில் அது கார்பன் டை ஆக்சைடா, கரியா, நைட்ரசன் ஆக்சைடா? எந்தப் பெயரை வைத்தும் கூற்று முழுமை பெறாவிட்டால் அது சோதிக்க இயலாத கூற்று.

2. எதனுடன் ஒப்பிடப்படுகிறது? ‘90 விழுக்காடு குறைவு’ என்றால் எதைவிடக் குறைவு? பழைய டீசல் காரைவிடவா, பெட்ரோல் காரைவிடவா, சட்ட எல்லையைவிடவா? ஒப்பீட்டுப் பொருள் மாறினால் அதே எண்ணின் பொருளும் மாறும்.

3. எந்தச் சூழ்நிலையில் அளக்கப்பட்டது? பொருள் உண்மையில் பயன்படும் சூழ்நிலைக்கும் சோதனைச் சூழ்நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிற்கூடத்தில் மட்கும் பை குப்பைமேட்டில் மட்குமா என்பதும் இதே கேள்விதான்.

4. யார் அளந்தார்? நிறுவனம் தானே அளந்ததா, நிறுவனம் பணம் கொடுத்து அளந்ததா, தொடர்பற்ற வேறொருவர் அளந்தாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விருதுகளைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. விருது தருவோர் பெரும்பாலும் நிறுவனம் தந்த எண்களையே நம்புகின்றனர்.

5. எது சொல்லப்படவில்லை? அந்தப் பொருளின் மிகப் பெரிய தீங்கு எது என்று முதலில் தனியே கண்டறிந்து, விளம்பரம் அதைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிவை எழுதும்போது ‘உண்மை’, ‘பொய்’ என்ற இரண்டு சொற்கள் போதாது. நிறுவப்பட்ட கூற்று, உண்மையானாலும் அரைகுறையான கூற்று, சோதிக்க இயலாத கூற்று, தவறான கூற்று என நான்காகப் பிரிப்பது நல்லது. வோக்ஸ்வேகனின் மைலேஜ் பற்றிய பேச்சு உண்மையானாலும் அரைகுறையானது. ‘தூய’ என்ற சொல் தனியே நின்றால் சோதிக்க இயலாதது. வெள்ளைத் துணிக் காட்சி கரியைப் பொறுத்தவரை சரி, தூய்மையைப் பொறுத்தவரை அரைகுறை. நைட்ரசன் ஆக்சைடு குறைந்தது என்ற கூற்று தவறானது. ஒரே விளம்பரத்தில் இந்த வகைகள் கலந்திருப்பதால்தான் அதை நம்புவது எளிதாகிறது.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. மறைத்து வைத்த மென்பொருளை ஆவணங்களை மட்டும் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் சாலை அளவீடு தேவைப்பட்டது. ஆவணங்களைப் படிப்பவரால் செய்யக்கூடியது, எந்தக் கூற்றுக்குச் சார்பற்ற அளவீடு இல்லை என்று சுட்டிக்காட்டுவது. 2013க்கு முன் ஒருவர் இந்த ஆய்வை எழுதியிருந்தால், ‘நைட்ரசன் ஆக்சைடு கூற்றுக்கு ஆய்வகச் சான்று மட்டுமே உள்ளது, சாலைச் சான்று இல்லை’ என்பதே சரியான முடிவாக இருந்திருக்கும்.

இந்தியாவில்

இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக வோக்ஸ்வேகன் 2015 டிசம்பரில் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளில் சாலைச் சோதனைக்கு எல்லை வகுக்கப்படவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அபராதத்துக்காகக் கட்டாய நடவடிக்கை எடுப்பதை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் நிறுத்திவைத்தது. பின்னர் 2023 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6இன் இரண்டாம் கட்டத்தில், சாலையில் உண்மையாக ஓட்டி அளக்கும் முறையும் கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் இது 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப்பூச்சைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘தூய’, ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்த’ போன்ற பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் சான்றும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது என்று அவை கூறுகின்றன. ஒப்பீட்டுக் கூற்றுகள் சரிபார்க்கத்தக்க தரவுகளின் அடிப்படையில் இருக்க வேண்டும். சான்று விவரங்களை விளம்பரத்திலேயோ, கியூஆர் குறியீடு அல்லது இணைய முகவரி வழியாகவோ தர வேண்டும். ஆகவே இந்தியாவில் இன்று ஒரு நிறுவனத்தின் பசுமைக் கூற்றை ஆராயும் மாணவர் முதலில் அந்தக் குறியீட்டையோ முகவரியையோ திறந்து, மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் அங்கே விடை உள்ளதா என்று பார்க்கலாம். விடை இல்லாத கேள்விகளே ஆய்வின் தொடக்கப் புள்ளிகள்.